ஆய்வுச் சுருக்கத்தைப் பள்ளி இதழுக்கு மாற்றி எழுதும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் பள்ளி ஆண்டு இதழில் அறிவியல் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பர் வந்துவிட்டால் பிளஸ் ஒன் பிள்ளைகள் நாலைந்து பேர் ஆளுக்கொரு ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைமாட்டில் ஒரே பத்தியாக நெருக்கி அச்சடித்திருக்குமே, அப்ஸ்ட்ராக்ட், அதுதான். ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக எழுதிய பத்தி அது. இங்கே அதைப் படிக்கப் போகிறவர்கள் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பிள்ளைகளும் தலைப்புகளும் வருஷா வருஷம் மாறினாலும் கோளாறுகள் மாறவில்லை. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணத்தை முதலில் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

எல்லா அறிகுறிக்கும் ஒரே சுருக்கத்தை வைத்துக்கொள்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தைப் பற்றியது என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி எடுப்பது இது. 2011-ல் லூசி ஹாக்ஸும் அவர் குழுவினரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டது. மொத்தம் ஏழே வாக்கியம். அவை சொல்வது இது:

மலையைத் தாண்டும் பறவைகள் மெலிந்த காற்றில் மேலேறக் கூடுதல் ஆற்றல் செலவழிக்க வேண்டும், அங்கே ஆக்ஸிஜனும் குறைவு. பெரிய பறவைகளுக்குத் தொடர்ந்து ஏறுவது இன்னும் கடினம். உலகிலேயே மிக உயரமான வலசைகளில் ஒன்று வரித்தலை வாத்துடையது. இந்தியாவில் கடல்மட்டத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் வாத்துகளால் இமயத்தை ஒரே நாளில் கடக்க முடிகிறது, பெரும்பாலும் 7 முதல் 8 மணி நேரத்தில் 4,000 முதல் 6,000 மீட்டர் வரை ஏறுகின்றன. ஆச்சரியமாக, பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றை அவை நம்பியிருக்கவில்லை, காற்றடங்கிய இரவிலும் மணிக்குக் குறைந்தது 0.8 முதல் 2.2 கிலோமீட்டர் வரை ஏற அவற்றால் முடிகிறது. பிற்பகலின் பலத்த காற்றை அவை தவிர்ப்பதாகத் தோன்றுகிறது, அதனால் பறப்பது பாதுகாப்பாகவும் கட்டுக்குள்ளும் இருக்கிறது. ஆகவே இமயத்தின் கணவாய்களுக்கு மேலே தம் சொந்த ஏரோபிக் ஆற்றலாலேயே அவற்றால் தொடர்ந்து ஏற முடிகிறது போலும்.

## அறிகுறி 1: முதல் பத்தியோடு நின்றுவிடுகிறார்கள்

கண்டுபிடிப்பது சுலபம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரிடம் தாளைக் கொடுத்து, எந்த வரியில் அலுப்புத் தட்டியதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்று புள்ளியும் முதல் நாலு வரிக்குள் விழுந்தால் இந்தக் கோளாறுதான்.

### முதலில் பார்க்க வேண்டியது: வரிசை

ஆய்வுச் சுருக்கம் பின்னணியில் தொடங்கி முடிவில் வந்து நிற்கும். அதை அப்படியே வரிசை மாறாமல் எழுதினால், விஷயம் ஐந்தாவது வாக்கியத்தில் வரும்போது படிக்கிறவர் அங்கே இருக்க மாட்டார். இரவில் காற்றின் துணையில்லாமல் ஏறுகிறது என்பதை எடுத்துத் தலையில் வையுங்கள். மெலிந்த காற்று, ஆக்ஸிஜன் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். பத்துக்கு ஆறு கட்டுரை இந்த ஒரு மாற்றத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

### அடுத்தது: எழுதுகிறவர் சேர்த்த முன்னுரை

‘ஆதிகாலம் தொட்டே மனிதன் பறவைகளைக் கண்டு வியந்து வந்திருக்கிறான்’ என்ற வகை வரிகள். தேர்வுக் கட்டுரைப் பழக்கத்தில் வருபவை. முழுக்க எடுத்துவிடுங்கள், எதுவும் குறைந்துபோகாது.

### கடைசியில் பார்ப்பது: எது புதுசு என்றே எழுதியவருக்குத் தெரியவில்லை

இதற்குத்தான் நேரம் பிடிக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு பெண் பிள்ளை இந்தச் சுருக்கத்தைத்தான் எழுதி வந்திருந்தாள். தாளை மூடி வைத்துவிட்டு, ஆபீஸ் ரூமில் இருக்கும் அக்காவிடம் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன்.

“இமயமலையத் தாண்டி வாத்து பறந்து வருதுக்கா.”

“அது தெரிஞ்சதுதானத்தா. எங்க ஊர்க் குளத்துக்கே வருதே. இப்ப புதுசா என்ன சொல்லுதாங்க?”

பிள்ளைக்குப் பதில் இல்லை. அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். அவர் கேட்ட கேள்வியைத்தான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்: முன்னாலேயே தெரிந்தது எது, இவர்கள் புதிதாகச் சொல்வது எது? தாளில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, ஏழு வாக்கியத்தையும் பிரித்து எழுதச் சொல்வேன். முதல் மூன்றும் பழையவை. மற்ற நாலும் புதியவை. அவற்றில் நாலாவதும் ஐந்தாவதும்தான் இந்த ஆய்வு கண்டது. ஆறும் ஏழும் கண்டதிலிருந்து அவர்கள் ஊகித்தது. ஆய்வாளர்களே ஓர் அடையாளமும் வைத்திருப்பார்கள்: ‘ஆச்சரியமாக’, ‘எதிர்பார்த்ததற்கு மாறாக’, ‘ஆனால்’ என்ற பொருளில் ஒரு சொல் எங்கே வருகிறதோ, புதுச் சரக்கு அதன் பின்னால்தான் இருக்கும். இங்கே அது ஐந்தாம் வாக்கியம்.

இரண்டு பத்தியாகப் பிரிக்க முடியவில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரோடு உட்காருங்கள். பிரிக்காமல் எழுதினால் பின்னால் நாலாம் அறிகுறியில் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள்.

## அறிகுறி 2: வாசிக்க முடிகிறது, விளங்கவில்லை

‘எல்லாம் தமிழ்தான் சார், ஆனா ஒண்ணும் வெளங்கல’ என்று பிள்ளைகள் சொன்னால் இது.

### முதலில்: வாக்கியத்தின் உடம்பு

அந்தப் பிள்ளை எழுதிய முதல் வரி என்னிடம் இன்னும் இருக்கிறது.

‘குறைந்த அடர்த்தி கொண்ட காற்றில் மேலேறுவதற்கான அதிகரிக்கப்பட்ட ஆற்றல் செலவினத்தை ஈடுசெய்யும் திறன் மலைத்தடைகளைக் கடக்கும் பறவைகளுக்கு இருத்தல் அவசியமாகிறது.’

இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் பறவை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைசிக்கு இரண்டு சொல் முன்னால், வேற்றுமை உருபைச் சுமந்துகொண்டு. அது எதையும் செய்யவும் இல்லை. ‘செலவினம்’, ‘திறன்’, ‘இருத்தல்’ என்ற பெயர்ச்சொற்கள்தான் வாக்கியத்தை இழுக்கின்றன. ஆங்கிலச் சுருக்கத்தில் பெயர்ச்சொற்கள் இப்படித்தான் கோத்து வரும். தமிழில் கோத்தால், வினைமுற்று வரும்வரை படிக்கிறவர் எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

சரிசெய்யும் முறை: யார் செய்கிறார்கள் என்று கேட்டு அவர்களை முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வினையாக்க முடியுமா என்று பாருங்கள். ‘படு’ போட்ட வினைகளை எடுத்துவிடுங்கள். நாங்கள் திருத்தியது இப்படி வந்தது:

‘மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். மெலிந்த காற்றில் சிறகுக்குப் பிடிமானம் குறைவு. அதனால் பறவை இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும். உழைக்க ஆக்ஸிஜன் வேண்டும். அந்த ஆக்ஸிஜனும் அங்கே குறைச்சல்.’

ஒரு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. ஆனால் பதினைந்து சொல் இருபத்துநாலாயிற்று, ஒன்பதுதான் கூடுதல். இடம் போதவில்லை என்று சொல்லும் பிள்ளைகளிடம் இரண்டையும் எண்ணிக் காட்டுவேன்.

### அடுத்தது: கலைச்சொற்கள்

ஒவ்வொரு கலைச்சொல்லையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, அது இல்லாமல் கதை நிற்குமா என்று பாருங்கள். நிற்கும் என்றால் எடுத்துவிடலாம். ‘உச்சபட்சத் தொடர் ஏறுவேகம்’ அப்படிப் போனது. ‘பெரிய பறவைக்கு விடாமல் ஏறுவது கஷ்டம்’ என்பதே போதும். நிற்காது என்றால் வைத்துக்கொண்டு விளக்குங்கள். இந்தச் சுருக்கத்தில் அப்படிப்பட்ட சொல் ஒன்றே ஒன்றுதான்: ஏரோபிக். அதைப் புதிதாக மொழிபெயர்க்க உட்கார வேண்டாம். பாடப்புத்தகத்தில் ‘காற்றுள்ள சுவாசம்’ என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், அதையே எடுங்கள். உயிரை விட்டு நூறு மீட்டர் ஓடுவதற்கும், மூச்சு வாங்கிக்கொண்டே மணிக்கணக்கில் மலை ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். வாத்து செய்வது இரண்டாவது வகை. தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அவ்வப்போது மூச்சிலேயே எடுத்துக்கொண்டு ஏறுகிறது.

### கவனிக்காமல் விடுவது: தெரிந்த சொல்

கலைச்சொல்லை எல்லோரும் தேடுவார்கள். ஆனால் இந்தக் கட்டுரையில் பிள்ளைகளைக் குழப்பிய சொல் ‘வாத்து’. தாமிரபரணிப் பாசனத்தில் அறுப்பு முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் வாத்து மேய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ‘அந்த வாத்தா சார் இமயமலை ஏறுது?’ என்று ஒரு பையன் நிஜமாகவே கேட்டான். அவன் கேட்டது நியாயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். ‘இது வயலில் மேய்க்கும் வாத்து இல்லை, இரண்டு மூன்று கிலோ எடை, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை’ என்று ஒரு வரி சேர்த்தோம். படம் தேடும்போதும் அந்த இரண்டு பட்டையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை வேறு வாத்தின் படம் அச்சாகிவிட்டது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஏழாம் வகுப்புப் பையன்.

பாடப்புத்தகத்தில் இல்லாத, விட்டுவிடவும் முடியாத கலைச்சொல் வந்தால் நீங்களாக ஒன்றை உருவாக்காதீர்கள். பாட ஆசிரியரிடம் கேளுங்கள். அவரிடமும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் போதும்.

## அறிகுறி 3: எண்கள் மனசில் நிற்கவில்லை, அல்லது தப்பாக நிற்கின்றன

தாளை மூடிவிட்டு ‘எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்?’ என்று கேளுங்கள். ‘ரொம்ப உயரம் சார்’ என்றால் எண் நிற்கவில்லை. ‘ஆறாயிரம் மீட்டர் உயரத்துல பறக்கு சார்’ என்றால் தப்பாக நின்றிருக்கிறது.

நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் எண்கள் அதிகம் என்பதே. சுருக்கத்தில் மூன்று ஜோடி இருக்கின்றன: உயரம், நேரம், ஏறுவேகம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு போதும். ஏறுவேகத்தை நான் விட்டுவிடச் சொல்வேன். அதை வைத்தால் இன்னொரு சிக்கலும் வரும். கணக்கில் கெட்டி பிள்ளை 4,000-ஐ 8-ஆல் வகுத்து மணிக்கு அரைக் கிலோமீட்டர்தானே வருகிறது, இங்கே 0.8 என்று போட்டிருக்கிறதே என்று கேட்கும். முழுப் பயணத்துக்கும் போட்ட சராசரியும், ஏறும்போது காட்டிய வேகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை விளக்க அரைப் பக்கம் போய்விடும்.

வைத்துக்கொண்ட இரண்டு எண்ணுக்கும் ஊரிலிருந்து ஓர் அளவுகோல் கொடுங்கள். பொதிகையில் அகத்தியர் மலை உச்சி சுமார் 1,868 மீட்டர். அதை இரண்டு முறை அடுக்கினால் 3,736, மூன்று முறை அடுக்கினால் 5,604. ஆக, வாத்து ஏறுவது இரண்டு, மூன்று பொதிகை உயரம். நேரத்துக்கு எங்கள் பிள்ளைகளே ஒன்று கண்டுபிடித்தார்கள்: திருநெல்வேலியில் இரவு ரயில் ஏறினவர் சென்னை எழும்பூரில் இறங்குவதற்கு முன்னாலேயே இந்த ஏற்றம் முடிந்துவிடும். இரவு என்பதும் அதில் தானாக வந்துவிட்டது, எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

அளவுகோலைப் போட்டதும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். முதல் படியில் ‘ஐந்து பொதிகை உயரம்’ என்று எழுதியிருந்தார்கள். அது ஒன்பதாயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். எவரெஸ்ட்டே 8,849 மீட்டர்தான்.

தப்பாக நிற்பதற்குக் காரணம் வேறு. சுருக்கம் சொல்வது எவ்வளவு ஏறுகிறது என்பது. பிள்ளைகள் அதை எந்த உயரத்தில் பறக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதோடு பலர் கேள்விப்பட்ட ‘எவரெஸ்ட்டைத் தாண்டும் வாத்து’ கதையும் சேர்ந்துகொள்கிறது. இந்தச் சுருக்கத்தில் எவரெஸ்ட் என்ற பெயரே இல்லை. இருப்பது கணவாய்கள், அதாவது இரண்டு மலைக்கு நடுவே தாழ்ந்த வழி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆரியங்காவு, செங்கோட்டை வழி தெரியும். அதைச் சொன்னால் கணவாய் புரிந்துவிடும். தலைப்பில் ‘எவரெஸ்ட்’ போட்டால் நாலு பேர் கூடப் படிப்பார்கள் என்று வாதம் வரும். போடக் கூடாது.

## அறிகுறி 4: ‘அவர்கள் அப்படிச் சொல்லவில்லையே’

இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள். மூலத்தைப் படித்த ஒருவர் இதழைப் பார்த்தால்தான் தெரியும். அச்சான பிறகு தெரிந்தால் திருத்தவும் முடியாது. அதனால் இதற்கு மட்டும் நான் ஒரு முழு மாலை ஒதுக்குவேன்.

சோதனை இது. மூலத்தில் ஆய்வாளர்கள் தயங்கிச் சொன்ன இடங்களை மஞ்சள் பேனாவால் அடிக்கோடு போடுங்கள். இந்தச் சுருக்கத்தில் நாலு இருக்கின்றன: ‘பெரும்பாலும்’, ‘முடிகிறது’, ‘தோன்றுகிறது’, ‘போலும்’. பிறகு உங்கள் தமிழில் அந்த நாலும் எங்கே என்று தேடுங்கள். காணாமல் போன ஒவ்வொன்றும் ஒரு கோளாறு.

### சுலபமான காரணம்: சுவைக்காக வெட்டியது

‘வாத்துகள் இரவில்தான் இமயத்தைக் கடக்கின்றன’ என்று ஒரு படியில் இருந்தது. மூலம் சொல்வது, இரவிலும் ஏற முடிகிறது, பகல் காற்றை நம்பியிருக்கவில்லை என்பது. ‘இரவில்தான்’ என்பதில் ஒட்டிய அந்த ‘தான்’ வாத்துக்கு ஒரு சட்டமே போட்டுவிட்டது. ‘இரவிலும்’ என்று மாற்றினோம். தமிழில் ஓர் இடைச்சொல் போதும், ஆய்வு முடிவையே புரட்டிவிடும். ‘தான்’, ‘மட்டும்’, ‘எல்லா’, ‘ஒருபோதும்’ ஆகிய நாலையும் கட்டுரை முழுக்கத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலத்தில் ஆதாரம் இருக்கிறதா?

### அடுத்தது: தயக்கத்தைத் தப்பான உருபில் சொன்னது

தயக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னதும் பிள்ளைகள் ‘பறக்குமாம்’, ‘தவிர்க்குமாம்’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். ‘ஆம்’ விகுதி போட்டால் யாரோ சொல்லக் கேட்டது என்று பொருள். பாட்டி கதை மாதிரி ஆகிவிடும். ஆய்வாளர்கள் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. வாத்தின் மேல் கருவி பொருத்தி, ஜிபிஎஸ்ஸில் அது போன வழியைப் பார்த்துச் சொல்கிறார்கள். அளந்ததை உறுதியாகவே எழுதலாம்: ‘ஏறின’, ‘கடந்தன’. ஊகித்ததற்கு ‘என்று தெரிகிறது’, ‘என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்’. முதல் அறிகுறியில் போட்ட இரண்டு பத்திக் கோடு இங்கே உதவும். நாலும் ஐந்தும் முதல் வகை. ஆறும் ஏழும் இரண்டாம் வகை.

### கொஞ்சம் கடினமானது: பறவைக்கு மனசு கொடுத்தது

ஆறாம் வாக்கியத்தைப் பிள்ளைகள் ‘பிற்பகல் காற்று ஆபத்து என்று தெரிந்து, புத்திசாலித்தனமாகத் திட்டமிட்டு இரவைத் தேர்ந்தெடுக்கின்றன’ என்று எழுதுவார்கள். ஆய்வாளர்களும் உத்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில்தான் போகிறார்கள், ஆனால் ‘தோன்றுகிறது’ என்று முன்னால் வேலி போட்டிருக்கிறார்கள். வாத்து என்ன நினைத்தது என்பது ஜிபிஎஸ்ஸில் பதிவாகாது. ‘பிற்பகலில் பலத்த காற்று வீசும். அந்த நேரத்தில் அவை பறப்பதைத் தவிர்ப்பது போலத் தெரிகிறது’ என்று எழுதினால் சுவையும் போகாது, பொய்யும் வராது.

### கடைசியானது, கூடுதல் உழைப்பு: பின்னால் வந்த ஆய்வு

சுருக்கம் 2011-ல் வந்தது. அதற்குப் பிறகு அதே பறவையைப் பற்றி யாராவது ஏதாவது கண்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. பார்த்தோம். 2015-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் சார்லஸ் பிஷப்பும் குழுவினரும் எழுதியது இருந்தது. அவர்கள் வாத்துகளுக்குள் சிறிய கருவியை வைத்து இதயத் துடிப்பையும் சிறகடிப்பையும் அளந்தார்கள். உயரே போகப் போகச் செலவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கூடுகிறது. அதனால் ஒரேயடியாக மேலே ஏறி அங்கேயே நிற்பதைவிட, கீழே நிலம் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே தானும் ஏறி இறங்கிப் போவது வாத்துக்குச் செலவு குறைவு. அப்படித்தான் அது போகிறது. சில வேளை மலைச்சரிவில் எழும் காற்றும் அதற்குக் கை கொடுக்கிறது.

“அப்ப மொத ஆய்வு தப்பா சார்?” என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

தப்பில்லை. காற்றின் துணை இல்லாவிட்டாலும் வாத்தால் ஏற முடிகிறது என்றது முதலாவது. காற்று கிடைக்கும்போது சில இடத்தில் பயன் கிடைக்கிறது, வழியெல்லாம் உயரத்திலேயே நிற்பதும் இல்லை என்றது இரண்டாவது. ஆனால் அவள் எழுதியிருந்த ‘காற்றின் உதவியே இல்லாமல் வானத்தின் உச்சியிலேயே பறந்து போகின்றன’ என்ற வரி இரண்டுக்கும் ஒத்து வராது. அதை மாற்றினோம், 2015-ஐப் பற்றி இரண்டு வரி சேர்த்தோம்.

இரண்டு ஆய்வும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றி, எது எதைத் திருத்துகிறது என்று உங்களால் சொல்ல முடியவில்லையா, அங்கே நிறுத்துங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரிகளில் விலங்கியல் துறை இருக்கிறது, ஆசிரியர் மூலமாகப் போனால் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவார்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கு என்று ஓர் ஆய்வாளரின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். கேள்வி ஒன்றே ஒன்றாக, ‘நான் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?’ என்று இருக்கட்டும்.

## அறிகுறி 5: ஊர் பெருமை கட்டுரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது

‘நம் கூந்தன்குளத்து வாத்துகள் இமயத்தைக் கடந்ததை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்.’ இதைப் படித்தால் நமக்கெல்லாம் நெஞ்சு நிறையும். ஆனால் சுருக்கத்தில் இருப்பது ‘இந்தியாவில் கடல்மட்டத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் வாத்துகள்’ என்பது மட்டும். கருவி பொருத்திய பறவைகளை எந்தெந்த ஊரில் பிடித்தார்கள் என்பது முழுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியைத் திறந்து ஊர்ப் பெயரைக் கண்ணால் பார்க்காமல் ‘நம் வாத்து’ என்று எழுதக் கூடாது. அதுவரை இப்படி எழுதலாம்: ‘இதே இனத்து வாத்துகள் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வருகின்றன.’ இதற்கு எந்த ஆய்வும் வேண்டாம், ஊர்க்காரர்களே சாட்சி.

திருத்தி முடித்த பிறகு கட்டுரையின் தொடக்கம் இப்படி நின்றது:

‘திருநெல்வேலியில் இரவு ரயில் ஏறினவர் சென்னையில் இறங்குவதற்கு முன்னாலேயே, இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு பறவை இரண்டு, மூன்று பொதிகை உயரம் ஏறி முடித்துவிடும். வரித்தலை வாத்து என்று பெயர். வயலில் மேய்க்கும் வாத்து இல்லை. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கும் வரும். பகலில் மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி வீசும், அதில் ஏறிக்கொள்ளும் என்றுதான் எதிர்பார்ப்போம். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. காற்று அடங்கிய இரவிலும் அவற்றால் ஏற முடிகிறது. 7 முதல் 8 மணி நேரத்தில் பெரும்பாலும் 4,000 முதல் 6,000 மீட்டர் வரை ஏறுகின்றன. மூச்சு வாங்கிக்கொண்டே, தம் சொந்தத் தசைபலத்தில் ஏறுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.’

ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேரிடம் கொடுத்தேன். ஒரே ஒரு புள்ளி விழுந்தது, கடைசி வரியில். அதற்கு அடுத்த பத்தியில்தான் காற்றுள்ள சுவாசம் வருகிறது என்பதால் அதை விட்டுவிட்டோம்.

## அறிகுறி 6: எழுதியது சரி, அச்சில் எண் கெட்டுவிட்டது

நாம் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவோம். டிடிபி கடையில் பல இடங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் வைப்பார்கள். மாற்றும்போது எழுத்து பெரும்பாலும் தப்பித்துவிடும். எண்களுக்கு நடுவே போட்ட சின்னக் கோடு காணாமல் போகும். ஒரு வருஷம் எங்களுக்கு 4,000–6,000 என்பது ‘4,0006,000’ என்று வந்து நின்றது.

முன்னேற்பாடாகக் கோடே போடாதீர்கள். ‘4,000 முதல் 6,000 வரை’ என்று சொல்லால் எழுதுங்கள். ‘மீ’, ‘கிமீ’ என்று சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்; ‘மீ’க்குப் பின்னால் புள்ளி விழுந்து அடுத்த எண்ணோடு ஒட்டிக்கொள்வதும் நடக்கும்.

புரூஃப் வந்ததும் ஒருவர் மூலச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு எண்களை மட்டும் சத்தமாக வாசிக்கட்டும், இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துப் பார்த்து வரட்டும். எங்கள் வாத்துக் கட்டுரைக்கு இது இரண்டு நிமிஷ வேலை. எழுதிய பிள்ளையையே விரல் வைக்கச் சொல்லாதீர்கள். அவளுக்குக் கட்டுரை மனப்பாடம், இல்லாத கோடும் அவள் கண்ணுக்குத் தெரியும். எண் தப்பாக இருந்தால் போனில் சொல்லித் திருத்த வேண்டாம். புரூஃபில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கடைக்கே எடுத்துப் போய், திரையில் மாறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.